பொங்கலுக்கும் ரமலானுக்கும் நடுவே மூன்று நாள்

"காரைக்குடியில் இருந்து ஒரு சின்ன டீமை ஒருங்கிணைக்கிறேன். இங்கே ஆறு பேர், சிங்கப்பூரில் இரண்டு பேர், மலேசியாவில் இரண்டு பேர், கொழும்பில் ஒருவர், லண்டனில் ஒருவர். 2027 பொங்கலுக்கு அப்புறம், பிப்ரவரி முடிவதற்குள், தொடர்ந்து மூன்று நாள் ஆன்லைனில் திட்டமிடல் கூட்டம் வைக்க வேண்டும். எந்தத் தேதியைச் சொன்னாலும் யாராவது ஒருத்தர் 'அன்றைக்கு எங்களுக்கு லீவு' என்கிறார். எதையெல்லாம் பார்த்துத் தேதி குறிப்பது?"

ஜனவரி 27, 28, 29. புதன், வியாழன், வெள்ளி. நீங்கள் சொன்ன காலத்துக்குள் ஏறக்குறைய சுத்தமாகக் கிடைப்பது இந்த மூன்று நாள்தான். எப்படி இதில் வந்து நின்றேன் என்று சொல்கிறேன், ஏனென்றால் அடுத்த கூட்டத்துக்கு இதே வேலையை நீங்களே செய்ய வேண்டியிருக்கும்.

முதலில் ஒரு பழக்கத்தை விடுங்கள். இந்தியா, சிங்கப்பூர், மலேசியா என்று நாட்டுக்கு ஒரு பட்டியலை இறக்கி வைத்துக்கொண்டு தேதி தேடுவதை. லீவு நாட்டுக்கு நாடு மாறுவதாகத் தோன்றும், உண்மையில் அது ஆள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு இடம் மாறுகிறது. உங்கள் மலேசியக்காரர் இரண்டு பேரில் ஒருவர் கோலாலம்பூரிலும் இன்னொருவர் பெட்டாலிங் ஜெயாவிலும் வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கிற ஊர்கள், ரயிலில் போய்விடலாம். ஆனால் பிப்ரவரி 1 கூட்டரசுப் பிரதேச நாள். கோலாலம்பூர், புத்ராஜெயா, லாபுவானுக்கு மட்டும்தான் லீவு. பெட்டாலிங் ஜெயா சிலாங்கூர் மாநிலம் என்பதால் அங்கே அன்றைக்கு ஆபீஸ் உண்டு. தைப்பூசமும் அப்படித்தான், மலேசியாவில் எல்லா மாநிலத்துக்கும் கிடையாது. கோலாலம்பூர், சிலாங்கூர், பினாங்கு, பேராக், ஜொகூர் மாதிரி சில இடங்களில் உண்டு. வார விடுமுறையே ஒன்று இல்லை: கெடா, கிளந்தான், திரங்கானுவில் வெள்ளியும் சனியும் லீவு, ஞாயிறு வேலை நாள். ஜொகூரும் அப்படி இருந்து 2025 ஜனவரியில் சனி, ஞாயிறுக்குத் திரும்பியது, அதனால் பழைய குறிப்பை வைத்திருப்பவர்கள் அங்கேயே தடுமாறுவார்கள்.

அதனால் பட்டியலில் பெயர் முதலில், ஊர் அடுத்து. பன்னிரண்டு பேருக்கு இது பெரிய வேலை இல்லை.

அடுத்தது, அரசு விடுமுறைப் பட்டியலும் ஆபீஸ் விடுமுறைப் பட்டியலும் ஒன்று என்று நினைக்கிறோம். இல்லை. தமிழ்நாட்டில் அரசு வருஷா வருஷம் நவம்பர் வாக்கில் மறுவருஷத்துப் பட்டியலை வெளியிடும், அதில் இருபதுக்கும் மேற்பட்ட நாட்கள் இருக்கும். தனியார் நிறுவனத்தைக் கட்டுப்படுத்துவது வேறு சட்டம், 1958-இல் வந்தது: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாள் கட்டாயம், அதற்கு மேல் ஐந்து பண்டிகை நாட்கள். மொத்தம் ஒன்பதுதான். அந்த ஐந்து எது எது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். தைப்பூசம் 2021-இலிருந்து தமிழ்நாட்டில் பொது விடுமுறை, ஆனால் உங்கள் ஆபீஸின் ஐந்தில் அது இருக்கிறதா என்று உங்கள் நோட்டீஸ் போர்டைப் பார்த்தால்தான் தெரியும். மலேசியாவிலும் கதை கிட்டத்தட்ட இதேதான். சட்டப்படி தொழிலாளிக்கு வருஷத்துக்குப் பதினோரு நாள், அதில் ஐந்து கட்டாயம், மீதி ஆறை முதலாளி தேர்ந்தெடுத்து முன்கூட்டியே அறிவிப்பு ஒட்டலாம். ஆக, கூகுள் காலண்டரில் இருக்கிறதே என்று ஒரு நாளை ஒதுக்கினால் அன்றைக்கு எல்லாரும் ஆபீஸில் இருப்பார்கள். இல்லையே என்று கூட்டம் வைத்தால் பாதிப் பேர் வரமாட்டார்கள். ஒவ்வொரு ஊர் ஆளிடமும் அவர்கள் ஆபீஸ் ஒட்டிய பட்டியலைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், ஒரு நிமிஷ வேலை.

கூகுள் காலண்டரைப் பயன்படுத்துவதாக இருந்தால் அதில் ஒரு விஷயம் கவனியுங்கள். 'இந்திய விடுமுறைகள்' காலண்டரைச் சேர்த்தால் லீவே இல்லாத அனுசரிப்பு நாட்களும் சேர்ந்து வந்துவிடும், மாசம் முழுக்கப் பச்சையாகத் தெரியும், பார்க்கிறவர்கள் எல்லாம் லீவு போல என்று பயந்துவிடுவார்கள். செட்டிங்ஸில் பொது விடுமுறைகளை மட்டும் காட்டு என்று மாற்றிக்கொள்ளலாம்.

சரி, அடுத்து ஞாயிற்றுக்கிழமையில் விழும் லீவு. சிங்கப்பூரில் பொது விடுமுறை ஞாயிற்றுக்கிழமை வந்தால் திங்கள் தானாக லீவு. சனிக்கிழமை வந்தால் திங்கள் லீவு ஆகாது. வாரம் ஐந்து நாள் வேலை பார்ப்பவருக்கு அதற்குப் பதில் வேறொரு நாள் லீவோ ஒரு நாள் சம்பளமோ தர வேண்டும். அந்த வேறொரு நாளை ஆள் எப்போது வேண்டுமானாலும் எடுப்பார். உங்கள் காலத்திலேயே இது வருகிறது: 2027 சீனப் புத்தாண்டு பிப்ரவரி 6, 7, அதாவது சனி, ஞாயிறு. எனவே பிப்ரவரி 8 திங்கள் லீவு, அது எல்லாப் பட்டியலிலும் இருக்கும். சனிக்குப் பதிலான நாள் எந்தப் பட்டியலிலும் இருக்காது. ஒருவர் வெள்ளி 5-ஆம் தேதி எடுப்பார், இன்னொருவர் செவ்வாய் 9 எடுப்பார், மூன்றாமவர் மார்ச்சுக்கு வைத்துக்கொள்வார். 5-ஆம் தேதி புத்தாண்டுக்கு முந்தின நாள் என்பதால் பல ஆபீஸில் மதியத்தோடு ஆள் கிளம்பிவிடும், ஏனென்றால் அன்று ராத்திரி குடும்பச் சாப்பாடுதான் அவர்களுக்கு முக்கியம். ஆக சீனப் புத்தாண்டு என்பது பட்டியலில் இரண்டு நாள், உங்களுக்கு 5 முதல் 9 வரை.

பிறை பார்க்கிற பண்டிகைகளுக்குத் தேதியில் சந்தேகத்தைச் சேர்த்தே எழுதுங்கள். 2022-இல் நோன்புப் பெருநாள் சிங்கப்பூரில் மே 3, மலேசியாவில் மே 2. காலண்டர்கள் எல்லாம் மே 3 என்று அச்சடித்திருந்தன. மே 1 சாயங்காலம் பிறை தெரிந்துவிட்டது என்று மலேசியாவில் அறிவித்தார்கள், மறுநாளே பெருநாள். ஜொகூர்ப் பாலத்தின் சிங்கப்பூர்ப் பக்கம் ஒரு நாள், மலேசியப் பக்கம் ஒரு நாள். அதனால் பெருநாள் எந்தத் தேதியோ அதற்கு முன் ஒரு நாளும் பின் ஒரு நாளும் விட்டுவிடுவது நல்லது. இந்துப் பண்டிகையும் இதற்கு விலக்கு இல்லை. 2018-இல் நமக்குத் தீபாவளி நவம்பர் 6, வடக்கே நவம்பர் 7. நாம் சதுர்த்தசி விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பதைக் கணக்கு வைக்கிறோம், அவர்கள் அமாவாசை சாயங்காலத்து லட்சுமி பூஜையை. இரண்டும் ஒரே நாளில் வருகிற வருஷமும் உண்டு, தள்ளி வருகிற வருஷமும் உண்டு. டெல்லியில் கிளை இருந்தால் இரண்டு நாளையும் அடையுங்கள்.

கொழும்புக்குத் தனி ஒரு வரி. அங்கே ஒவ்வொரு பௌர்ணமியும் போயா, பொது விடுமுறை. மாசத்துக்கு ஒரு தடவை ஏதாவது ஒரு கிழமையில் வந்து நிற்கும். பௌர்ணமி பார்க்காமல் இலங்கையைச் சேர்த்த கூட்டத்துக்குத் தேதி போடவே கூடாது.

இனி நம் ஊர். மற்ற ஊர்க் கணக்கெல்லாம் எங்கேயாவது எழுதி வைத்திருக்கிறார்கள், நம்முடையதைத்தான் யாரும் எழுதுவதில்லை. பொங்கல் முடிந்து வருகிற முதல் செவ்வாய்க்கிழமை நாட்டரசன்கோட்டையில் செவ்வாய்ப் பொங்கல், கண்ணுடையநாயகி அம்மன் கோவில் முன்னால் நகரத்தார் குடும்பங்கள் வரிசையாகப் பொங்கல் வைப்பார்கள். வெளியூரில் வெளிநாட்டில் இருப்பவர்களும் அதற்கென்று வந்து சேருவார்கள். அது பொது விடுமுறை இல்லை, காலண்டரில் சிவப்பு கிடையாது, ஆனால் அந்த வீட்டுப் பிள்ளை உங்கள் டீமில் இருந்தால் அன்றைக்கு அவர் லேப்டாப் முன்னால் உட்காரப் போவதில்லை. தைப்பூசமோ இன்னும் நீளம். பட்டியலில் ஒரு நாள். குன்றக்குடியில் காவடி கூடிப் பழனிக்கு நடக்கிறவர்களுக்குப் பல நாள், காவடியோடு போகிறவர்கள் வரும்போதும் நடந்தே வருவார்கள் என்பதால் பூசம் முடிந்த மறுநாள் ஆபீஸில் எதிர்பார்க்காதீர்கள். திருக்கார்த்திகையிலிருந்து 21-ஆம் நாள் பிள்ளையார் நோன்பு, இழை எடுத்துக்கொள்கிற வீட்டில் அன்றைக்குச் சாயங்காலம் யாரும் கூட்டத்துக்கு வரமாட்டார்கள். சிங்கப்பூர், கோலாலம்பூர் நகரத்தாரும் அங்கேயே கூடி அதைச் செய்கிறார்கள், எனவே அது காரைக்குடி விஷயம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். இது உங்கள் காலத்துக்கு வெளியே போய்விடுகிறது, ஆனால் வருஷக் கடைசிக் கூட்டம் வைக்கும்போது இடிக்கும். அப்புறம் தை மாசம் முழுக்க முகூர்த்தம். பங்காளி வீட்டுக் கல்யாணம், படைப்பு, அறுபதாம் கல்யாணம் என்று பூட்டிக் கிடக்கிற வீட்டைத் திறந்து சுத்தம் பண்ணுகிற மாசம் அது, மூன்று நாளைக்கு முன்னாலேயே ஆள் ஊரில் வேறு வேலையாக இருப்பார்.

இதெல்லாம் பட்டியலில் வராது, ஆளிடம் கேட்டால்தான் வரும். கேட்கிற விதத்தில்தான் பலபேர் கோட்டை விடுகிறார்கள். "எல்லாருக்கும் 19 முதல் 21 வரை ஓகேவா?" என்று குரூப்பில் போட்டால் ஓகே என்று கட்டைவிரல் விழும். சேர்ந்து ஆறு மாசம் ஆன பையன் எல்லார் முன்னாலும் "எங்கள் வீட்டில் செவ்வாய்ப் பொங்கல்" என்று எழுதவே மாட்டான், அன்றைக்குக் காலையில் நெட் வரவில்லை என்பான். தனித்தனியாக இப்படிக் கேளுங்கள்: "ஜனவரி 18 முதல் பிப்ரவரி 26 வரை எந்தெந்த நாள் நீங்கள் வேலையில் இருக்க மாட்டீர்கள்? எந்தெந்த நாள் பாதி நேரம்தான் இருப்பீர்கள்? காரணம் வேண்டாம், தேதி போதும்." காரணம் கேட்காதது முக்கியம். ஒருவருடைய மதமோ சாமியோ ஆபீஸ் ஷீட்டில் ஏற வேண்டியதில்லை.

வந்த பதிலை ஒரு ஷீட்டில் போடுங்கள். `Leave` என்று ஒரு பக்கம், A-இல் தேதி, B-இல் பெயர், C-இல் குறி. முழுத் தடைக்கு X, பாதி நாளுக்கு H, பிறை மாதிரித் தேதி உறுதியாகாததற்கு Q. (கேள்விக்குறியைப் போடாதீர்கள், அதை ஷீட் 'எந்த எழுத்தானாலும் சரி' என்று எடுத்துக்கொண்டு தப்பாக எண்ணும்.) இன்னொரு பக்கத்தில் A2-இலிருந்து எல்லா வேலை நாளையும் வரிசையாக எழுதி, பக்கத்தில்:

```
=COUNTIFS(Leave!A:A,A2,Leave!C:C,"X")
```

இதையே H-க்கும் Q-வுக்கும் மாற்றி அடுத்தடுத்த கட்டத்தில் போட்டு இழுத்துவிட்டால், எந்த நாளில் எத்தனை பேர் இல்லை என்று வந்துவிடும். தொடர்ந்து மூன்று வரிசையில் பூஜ்யம் எங்கே என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

உங்கள் ஆறு வாரத்தை வைத்துப் பார்ப்போம். 2027-இல் பொங்கல் ஜனவரி 15 வெள்ளி, மாட்டுப் பொங்கலும் உழவர் திருநாளும் சனி ஞாயிறில் போய்விடுகின்றன. இலங்கையிலும் பொங்கல் பொது விடுமுறை, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் கிடையாது. அடுத்த வாரத்தில் திங்கள் 18 ஊருக்குப் போனவர்கள் திரும்புகிற நாள், செவ்வாய் 19 செவ்வாய்ப் பொங்கல், வெள்ளி 22 தைப்பூசம். அன்றே பௌர்ணமி என்பதால் கொழும்பும் லீவு. சிங்கப்பூரில் தைப்பூசம் 1968-லேயே விடுமுறைப் பட்டியலிலிருந்து போய்விட்டது, ஆனாலும் அங்கே இருக்கிற தமிழர் பால்குடமோ காவடியோ எடுக்கிறவராக இருந்தால் முந்தின ராத்திரியே கிளம்பிவிடுவார். மிஞ்சுவது புதன், வியாழன் மட்டும். அந்த வாரம் போச்சு.

ஜனவரி 25 வாரத்தில் செவ்வாய் 26 குடியரசு நாள், கட்டாய லீவு. திங்கள் 25-ஐ இங்கே யாராவது சேர்த்து எடுப்பார்கள், சனியிலிருந்து நாலு நாள் கிடைக்கும்போது விட மனசு வராது. புதன் 27 முதல் வெள்ளி 29 வரை ஐந்து ஊரிலும் ஒன்றும் இல்லை.

பிப்ரவரி முதல் வாரம் பார்வைக்குக் காலியாக இருக்கும், அதுதான் ஏமாற்றும். திங்கள் 1 கோலாலம்பூர்க்காரருக்கு மட்டும் லீவு. வியாழன் 4 இலங்கைச் சுதந்திர தினம். வெள்ளி 5 புத்தாண்டு முந்தின நாள். செவ்வாய், புதன் இரண்டு நாள்தான் தேறுகிறது. பிப்ரவரி 8 வாரத்தில் திங்கள் சிங்கப்பூர், மலேசியா இரண்டும் லீவு, ரமலான் நோன்பும் அதே 8-ஆம் தேதி வாக்கில் தொடங்கும். நோன்பு லீவு இல்லை, ஆனால் உங்கள் கூட்ட நேரத்தோடு சேர்த்துப் பாருங்கள். லண்டனில் காலை 9 மணி என்றால் நமக்கும் கொழும்புக்கும் மதியம் 2.30, சிங்கப்பூர், கோலாலம்பூரில் சாயங்காலம் 5. இந்த ஐந்து ஊருக்கும் ஆபீஸ் நேரத்தை ஒட்டி வருவது இந்த ஒரு இடம்தான். கோலாலம்பூரில் நோன்பு திறக்கிற நேரம் அப்போது 7.30-ஐ ஒட்டி வரும்; விடியலுக்கு முன்னாலிருந்து தண்ணீர் கூடக் குடிக்காத ஆளை 5 முதல் 7 வரை திரை முன்னால் உட்கார வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடச் சொல்வது நியாயமில்லை. டீமில் யாரும் நோன்பு இருப்பவர் இல்லை என்றால் இந்த வாதம் விழுந்துவிடும், அதனால்தான் நாட்டைப் பார்க்காமல் ஆளைப் பார்க்கச் சொன்னேன்.

பிப்ரவரி நடுவில் லண்டன் பள்ளிகளுக்கு ஒரு வார இடைவேளை வரும், பிள்ளைகள் இருப்பவர்கள் லீவு போடுவார்கள். பிப்ரவரி 22 வாரத்தில் புதன் 24 வாக்கில் நுஸூல் குர்ஆன் நாள், கோலாலம்பூருக்கும் சிலாங்கூருக்கும் பொது விடுமுறை, நோன்பும் மாசக் கடைசி வேலையும் அதோடு சேரும்.

ஆக 27, 28, 29 முதல் தேர்வு. மாற்றுத் தேதியாகப் பிப்ரவரி 10, 11, 12 (புதன் முதல் வெள்ளி) வைத்துக்கொள்ளுங்கள், நோன்பு இருப்பவர் இருந்தால் அவர்களுக்கு முக்கியமான பகுதியை முதல் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம். மாற்றுத் தேதியையும் இப்போதே எல்லார் காலண்டரிலும் தற்காலிகம் என்று போட்டுப் பிடித்து வைக்க வேண்டும், இல்லையென்றால் தேவைப்படும்போது அது காலியாக இருக்காது. முதல் தேதி நடந்து முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

27 முதல் 29-க்கும் ஒரு ஓட்டை இருக்கிறது: காவடியோடு நடந்து திரும்புகிறவர் அதற்குள் வீடு சேர்ந்திருக்க மாட்டார். தேவகோட்டையில் ஒருவருக்கு 28 கல்யாணம் என்றும் வரலாம். அப்போது கேட்க வேண்டியது, இவர் இல்லாமல் எந்த முடிவை எடுக்க முடியாது என்பதுதான். கணக்கு முடிவு அவர் கையில் என்றால் அந்தப் பகுதியை 27-க்கோ 29-க்கோ நகர்த்துங்கள், மூன்று நாளையும் அதற்காக நகர்த்த வேண்டாம். முடிவில் பங்கில்லாதவர் என்றால் ரெக்கார்டிங்கும் குறிப்பும் போதும். எந்த ஊர் ஆள் விட்டுக்கொடுத்தார் என்று ஷீட்டின் ஓரத்தில் எழுதி வையுங்கள். பெரும்பாலும் ஒரே ஆள்தான் திரும்பத் திரும்ப விட்டுக்கொடுப்பார், நம் அனுபவத்தில் அது தனியாக இருக்கிற ஆள், உங்கள் டீமில் கொழும்புக்காரரோ லண்டன்காரரோ. அடுத்த கூட்டத்துக்கு அவருடைய தடை நாளை முதலில் அடைத்துவிட்டு மற்றவர்களுடையதைப் பாருங்கள்.

எப்போது உறுதி செய்வது என்றால், சிங்கப்பூர்ப் பட்டியல் முந்தின வருஷத்திலேயே மனிதவள அமைச்சு வெளியிட்டுவிடும், அதைத் தாண்டிக் காத்திருக்க வேண்டியது தமிழ்நாட்டு அரசாணைக்குத்தான். எனவே செப்டம்பரில் தேதியைப் பிடித்து வையுங்கள், அரசாணை வந்ததும் ஒரு தடவை, ஜனவரி 11 வாரத்தில் ஒரு தடவை சரிபாருங்கள். இரண்டாவது தடவை பார்ப்பது திடீர் விடுமுறைக்காக: இங்கே கலெக்டர் உள்ளூர்த் திருவிழாவுக்கு விடுமுறை விட்டு அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமையை வேலை நாள் ஆக்குவார். உங்கள் ஆபீஸ் அதைப் பின்பற்றாமல் இருக்கலாம், ஆனால் பள்ளிக்கூடம் மூடியிருந்தால் பிள்ளை வைத்திருக்கிறவர் பாதி நாள் ஆள்தான், அவருக்கு H போட்டுவிடுங்கள்.